பத்து மணிக்கு மேல் பிளேஸ்டேஷன்

ரவுட்டருக்கு உங்கள் மகனைத் தெரியாது. அவன் விளையாடுகிறானா, பாடத்துக்காக வீடியோ பார்க்கிறானா என்பதும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை மூன்றே விஷயங்கள்: இந்தத் தரவு எந்தக் கருவியிலிருந்து வருகிறது, இப்போது மணி என்ன, இது புதிதாகத் தொடங்கும் இணைப்பா, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதா. இரவு பத்து மணிக்கு மேல் கேம் கன்சோலுக்கு இணையம் போகக்கூடாது என்று ரவுட்டரில் விதி போடும் பெற்றோர், இந்த மூன்றையும் அது சரியாகக் கணிக்கும் என்று நம்பித்தான் போடுகிறார்கள். விதி போட்டாயிற்று, ஆனாலும் பத்தே முக்காலுக்கு அறைக்குள்ளிருந்து “பின்னாடி வர்றான், பின்னாடி வர்றான்” என்று சத்தம் கேட்கிறது என்றால், மூன்றில் ஒன்று தவறியிருக்கிறது. எது தவறியது என்பதை அடையாளங்களை வைத்தே சொல்லிவிடலாம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் இணைப்பு. இணைய நிறுவனத்தார் வந்து மாட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி கூடத்துச் சுவரில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன், அவனுடைய அறையில் பிளேஸ்டேஷன் 5. மறுநாள் பள்ளி இருக்கிற இரவுகளில் மட்டும் பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை கன்சோலுக்கு இணையம் நிற்க வேண்டும். அப்பாவின் அலுவலக லேப்டாப்பும் மற்றவர்களின் போன்களும் வழக்கம்போல ஓட வேண்டும். மொத்தப் பெட்டியையும் அணைத்துவிடுவது இந்த வீட்டில் நடக்காது.

ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறக்க `192.168.1.1` போன்ற ஒரு முகவரியும் ஒரு கடவுச்சொல்லும் வேண்டும். இரண்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். பையனுக்கும் அந்த ஸ்டிக்கர் கண்ணில் படும் என்பதால் முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது. அதன் பிறகு `Parental Controls` அல்லது `Access Control` என்ற தலைப்பின் கீழ், கருவியையும் நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கும் இடம் இருக்கும்.

கருவியை ரவுட்டர் அடையாளம் காண்பது மேக் முகவரியால். இது 48 பிட் நீளமுள்ள எண். இரண்டிரண்டாகப் பிரித்துப் பன்னிரண்டு எழுத்துகளில் எழுதுவார்கள். முதல் பாதி எந்த நிறுவனம் செய்த வலைச் சில்லு என்பதைக் காட்டும், மறுபாதி அந்தத் தனிச் சில்லுக்கு உரியது. இன்றைய போன்கள் தனியுரிமைக்காக வைஃபைக்கு வைஃபை வேறு வேறு மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டில் 2019 வாக்கிலும் ஐபோனில் 2020-லும் இது இயல்பாகவே வந்துவிட்டது. அதனால் போனை மேக் முகவரியால் பிடிப்பது வழுக்குகிற வேலை. பிளேஸ்டேஷன் அப்படியில்லை, பிறந்தபோது கொடுத்த முகவரியோடுதான் கடைசிவரை இருக்கும். இரவுக் கட்டுப்பாட்டுக்கு வீட்டிலுள்ள கருவிகளிலேயே கன்சோல்தான் தோதானது என்பேன்.

ஆனால் அதற்கு முகவரி ஒன்றல்ல, இரண்டு. கேபிள் செருகும் சில்லுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று. ரவுட்டரின் பட்டியலில் அந்த நேரத்தில் இணைந்திருக்கும் முகவரி மட்டுமே தெரியும். அதைத் தட்டித் தடைசெய்தால் பாதி வேலைதான் முடிந்தது. பையன் ஒரு லேன் கேபிளை எடுத்துச் செருகினால், ரவுட்டரின் கணக்கில் புதிதாக ஒரு விருந்தாளி வந்திருக்கிறார், அவருக்கு எந்தத் தடையும் இல்லை. எனவே கன்சோலின் `Settings`-இல் `System` பகுதிக்குள் `Console Information` என்ற பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் இரண்டு முகவரிகளையும் எழுதிக்கொண்டு வந்து இரண்டையும் விதியில் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். அதன் இணைய அமைப்புகளில் `Advanced settings` என்பதற்குள் `Alternate MAC address` என்றொரு வசதி உண்டு. ஓட்டல், விடுதி வைஃபைகளில் இணைவதற்காக வைத்தது. அங்கே வேறொரு எண்ணைத் தட்டிவிட்டால் கன்சோல் வேறு பெயரில் வலைக்குள் வரும். பையன்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகாது, வகுப்பில் யாராவது ஒருவனுக்குத் தெரிந்தால் போதும். இந்த இடத்தில் ‘இந்த முகவரியைத் தடு’ என்ற பட்டியல் தோற்றுப்போகும். ‘இரவில் இந்த முகவரிகளை மட்டும் விடு’ என்ற எதிர்ப்பட்டியல்தான் நிற்கும். அல்லது பிள்ளைகளின் கருவிகளுக்கென்று தனி வைஃபைப் பெயர் ஒன்றை உருவாக்கி, பிரதான வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றித் தன்னோடு வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் வைஃபையை மட்டும் பத்து மணிக்கு அணையும்படி வைக்கலாம். அப்போது முகவரியைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

மேக் முகவரியில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். அந்த முகவரி தன் சொந்த வலையைத் தாண்டிப் பயணிக்காது. நம் வீட்டில் சிக்னல் போதவில்லை என்று கடையில் வாங்கிய இரண்டாவது ரவுட்டரை வெள்ளைப் பெட்டியின் பின்னால் மாட்டியிருக்கிறோம், கன்சோல் அந்த இரண்டாவதில் இணைகிறது என்று வையுங்கள். விதியை வெள்ளைப் பெட்டியில் எழுதினால் அது ஒருநாளும் வேலை செய்யாது. இரண்டாவது ரவுட்டர் தனக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றின் தரவையும் தன் பெயரிலேயே அனுப்புவதால், வெள்ளைப் பெட்டி கன்சோலின் முகவரியைப் பார்ப்பதே இல்லை. விதியை இரண்டாவது ரவுட்டரில் எழுதினால் வேலை செய்யும், ஆனால் வெள்ளைப் பெட்டியின் வைஃபை இன்னும் உயிரோடு இருந்தால் பையன் அதில் போய் இணைந்துகொள்வான். ஆக, விதியை இரண்டாவதில் எழுது, முதல் பெட்டியின் வைஃபையை அணை, கேபிள் துளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பெட்டியை வை. சில வைஃபை எக்ஸ்டெண்டர்களும் தங்களுக்குப் பின்னால் வரும் கருவியின் முகவரியை மாற்றிக் காட்டும். எந்த முகவரி வந்து சேர்கிறது என்பதை ரவுட்டரின் இணைந்த கருவிகள் பட்டியலில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடையாளம் சரியாக இருந்தும் ஆட்டம் ஓடுகிறது என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது ரவுட்டரின் கடிகாரம். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் அதற்கு நேரமே மறந்துவிடும். இணையம் கிடைத்த பிறகு ஏதாவதொரு நேரச் சேவையகத்திடம் கேட்டுத்தான் மணியைத் தெரிந்துகொள்ளும். அப்படித் தெரிந்துகொள்வதும் உலகப் பொது நேரம்தான். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம். அந்தக் கூட்டலைச் செய்ய அமைப்பில் நேர மண்டலம் `GMT+05:30` என்று சரியாக இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பொது நேரத்தில் இரவு 10 மணி என்பது நமக்கு அதிகாலை 3.30. காலை 6 என்பது நமக்கு முற்பகல் 11.30. பையன் மூன்றரை வரை தடையின்றி விளையாடுவான். காலையில் எழுந்து கன்சோலைத் தொட்டால் இணையம் இருக்காது. ‘ராத்திரி ஓடுகிறது, காலையில் நிற்கிறது’ என்ற தலைகீழ் புகார் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நேர மண்டலத்தைத் திருத்தலாம். மாறாக, பத்து மணிக்குப் பதில் மாலை ஏழரைக்கே துண்டிக்கப்படுகிறது என்றால் பெட்டி சீன நேரத்தில் இருக்கிறது. இந்தப் புகாரைப் பையனே கொண்டுவந்து விடுவான்.

அடுத்த வம்பு நள்ளிரவு. பத்து மணி முதல் ஆறு மணி வரை என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். ரவுட்டருக்கு நள்ளிரவில் நாள் மாறிவிடுகிறது. பல ரவுட்டர்களின் உள்ளே ஓடுவது லினக்ஸ். அதன் பழைய தீச்சுவர் நிரலான ஐபிடேபிள்ஸ், ‘திங்கள், 22:00 முதல் 06:00 வரை’ என்ற விதியை இயல்பாக எப்படிப் புரிந்துகொள்ளும் தெரியுமா? திங்கட்கிழமை அதிகாலை 12 முதல் 6 வரை ஒரு துண்டு, அதே திங்கட்கிழமை இரவு 10 முதல் 12 வரை இன்னொரு துண்டு. திங்கள் இரவிலிருந்து செவ்வாய் காலை வரை என்று தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். நம் கையிலிருக்கும் பெட்டியின் அழகான திரையில் அதைச் சேர்க்க வழி இருக்காது.

இப்போது நம் வீட்டில் ‘திங்கள் முதல் வெள்ளி வரை, 22:00–06:00’ என்று டிக் செய்கிறார்கள். விளைவு: ஞாயிறு இரவு பத்து மணிக்குத் தடை இல்லை, பையன் பன்னிரண்டு வரை விளையாடுகிறான். மறுநாள் பள்ளி. ஆனால் மறுநாள் விடுமுறையான வெள்ளி இரவில் பத்து மணிக்குத் துண்டிக்கப்படுகிறது, பன்னிரண்டு அடித்ததும் திரும்ப வந்துவிடுகிறது. பெற்றோர் நினைத்ததற்கு நேர் எதிர். இதைத் தவிர்க்க நள்ளிரவில் விதியை இரண்டாக வெட்டிவிடுவதே பாதுகாப்பு. இரவுப் பகுதிக்கு ஞாயிறு முதல் வியாழன், அதிகாலைப் பகுதிக்குத் திங்கள் முதல் வெள்ளி. ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல மென்பொருள் ஏற்றிய ரவுட்டரில் அது இப்படி இருக்கும். முகவரிகள் மாதிரிக்காக எழுதியவை.

```
config rule
    option name 'ps5-night'
    option src 'lan'
    option dest 'wan'
    option proto 'all'
    list src_mac '00:11:22:33:44:55'
    list src_mac '00:11:22:33:44:66'
    option weekdays 'Sun Mon Tue Wed Thu'
    option start_time '22:00:00'
    option stop_time '23:59:59'
    option target 'REJECT'
```

இதையே நகலெடுத்து, பெயரையும் கிழமைகளையும் மாற்றி, நேரத்தை `00:00:00` முதல் `06:00:00` வரை என்று வைத்தால் இரண்டாவது விதி. இதில் ஐபி முகவரி எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரவுட்டர் ஐபி முகவரியால் தடுக்கிற வகையாக இருந்தால், கன்சோலில் கையால் வேறு எண் கொடுத்துத் தப்பிக்கலாம். பழைய பாணி முகவரியைத் தடுத்துவிட்டு, இன்று நம் ஊர் இணைய நிறுவனங்கள் பலவும் கூடவே தரும் ஐபிவி6 பாதையைத் திறந்து விட்டுவிடுவதும் நடக்கும். மேக் முகவரி இரண்டு பாதைக்கும் பொது.

அடையாளமும் சரி, மணியும் சரி. பத்து மணி ஆகிவிட்டது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. ரவுட்டர் கெட்டுவிட்டதாக எல்லோரும் முடிவு செய்வது இந்தக் கட்டத்தில்தான். அது உண்மையில் தனக்குச் சொல்லப்பட்டபடியே நடந்துகொள்கிறது. தீச்சுவர் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் விதிப்பட்டியல் முழுவதோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, அது நேரவிரயம். ஒரு இணைப்பு தொடங்கும்போது ஒருமுறை விதிகளைப் பார்க்கும். அனுமதித்துவிட்டால் அந்த இணைப்பை ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பிறகு அதே இணைப்பில் வருவதெல்லாம் அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு உள்ளே போகும். கல்யாண மண்டபத்து வாசலில் பத்திரிகையைக் காட்டியவரை, பந்திக்கும் மேடைக்கும் நடுவே ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. ஒன்பது ஐம்பதுக்குத் தொடங்கிய ஆட்டத்தின் இணைப்பு அட்டவணையில் இருக்கிறது. பத்து மணிக்கு வந்த விதி அதைத் தொடுவதே இல்லை.

பேச்சு நின்றுபோன இணைப்புகளை அட்டவணை சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ உதறிவிடும். ஆனால் ஆட்டம் நொடிக்குப் பல முறை தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது, அதனால் அது உதிராது. இதன் அடையாளம் தெளிவானது: ஓடுகிற ஆட்டம் தொடரும், அது முடிந்து அடுத்ததைத் தொடங்கப் போனால் திறக்காது. கடைப் பக்கத்தைத் திறந்தாலும் பிழைச்செய்தி வரும்.

என்னைக் கேட்டால் இதைச் சரிசெய்யாமலே விடலாம் என்பேன். நடு ஆட்டத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால், தரவரிசைப் போட்டிகளில் அது பாதியில் ஓடியதாகக் கணக்காகும். ராக்கெட் லீக் போன்ற ஆட்டங்கள் அப்படி விலகியவரைக் கொஞ்ச நேரம் அடுத்த போட்டிக்குள் விடாது, திரும்பத் திரும்ப நடந்தால் அந்த நேரம் நீளும். கூட ஆடிய நண்பர்களும் நட்டாற்றில் நிற்பார்கள். கையிலிருக்கும் ஆட்டத்தை முடி, புதியது கிடையாது என்பது வீட்டுக்குள் சண்டை குறைகிற ஏற்பாடு. ரவுட்டர் அதைத் தற்செயலாகச் செய்துகொடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், இதே வழியில் நண்பர்களோடு பேசும் குரல் இணைப்பும் பிழைத்துக்கொள்ளக்கூடும். ஆட்டம் முடிந்து நள்ளிரவு வரை அரட்டை ஓடும். அப்படியானால் அட்டவணையிலிருந்து அந்த ஒரு கருவியின் பெயரை நாமே அடிக்க வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டியில் `conntrack` என்ற கருவியை நிறுவி, கன்சோலுக்கு நிலையான ஐபி ஒன்றை ஒதுக்கிவிட்டு, நேர அட்டவணையில் இந்த வரியைச் சேர்த்தால் போதும்:

```
30 22 * * 0-4 conntrack -D -s 192.168.1.50
```

ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு பத்தரைக்கு, 192.168.1.50 என்ற முகவரியிலிருந்து ஓடும் இணைப்புகள் எல்லாம் அழியும். தடைவிதி ஏற்கெனவே அமலில் இருப்பதால் அவை மீண்டும் எழாது. பத்துக்குக் கதவு மூடுகிறது, பத்தரைக்கு விளக்கு அணைகிறது. இந்த வசதியில்லாத சாதாரண ரவுட்டரில், வைஃபையிலிருந்தே கருவியை உதைத்து வெளியேற்றும் வகையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒரே நொடியில் அறுந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கன்சோலிலேயே பார்க்கலாம். அதன் `Test Internet Connection` சோதனையில் ஐபி முகவரி கிடைத்து இணையம் மட்டும் தோற்றால் தீச்சுவர் தடுக்கிறது. ஐபி முகவரியே கிடைக்காவிட்டால் வைஃபை வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. விதி எழுதிய அன்று இரவு வரை காத்திருக்கத் தேவையில்லை. மாலை நாலு மணிக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தற்காலிக விதி போட்டு, ஆட்டத்தை ஓடவிட்டே சோதித்துவிடலாம்.

இரவெல்லாம் மூடி வைப்பதற்கு ஒரு விலை உண்டு. பிளேஸ்டேஷன் ஓய்வு நிலையில் இருக்கும்போதுதான் ஆட்டங்களின் புதுப்பிப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளும். அதைத் தடுத்தால் அந்தச் சுமை பகலுக்கு வரும். 50 ஜிகாபைட் புதுப்பிப்பு நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பில் இறங்க ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் பிடிக்கும். பையனுக்கு அனுமதித்த ஒரு மணி நேர ஆட்டம் நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கழியும், அப்பாவின் வீடியோ கூட்டமும் திக்கும். அதிகாலை மூன்று முதல் ஐந்து வரை விதியில் ஒரு இடைவெளி விடுவது இதற்கு எளிய வழி. அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து விளையாடுகிற பையனாக இருந்தால், பிரச்சினை ரவுட்டர் அளவில் இல்லை.

ரவுட்டரைச் சுற்றிப் போகும் வழிகளில் மிகச் சாதாரணமானது அம்மாவின் போன். ஆட்டத்தை இறக்கத்தான் பெரிய தரவு வேண்டும், ஆட ஒரு மணி நேரத்துக்குச் சுமார் நூறு மெகாபைட் போதும். தினசரி ஒன்றரை ஜிகாபைட் தரும் போனின் ஹாட்ஸ்பாட்டில் விடியவிடிய ஆடலாம். கன்சோலின் இணைய நிலைப் பக்கத்தில் எந்த வைஃபை பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட முரட்டு வழி, பெட்டியின் பின்னாலுள்ள சிறு துளையில் குண்டூசியால் அழுத்தி ரவுட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுபோவது. விதிகள் அழியும். கூடவே பல இணைப்புகளில் நிறுவனம் பதித்த பயனர் பெயரும் அழிந்து வீடு முழுக்க இணையம் போய்விடும் என்பதால், அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிற குறும்பு.

கடைசியாக ஒன்று: இணையம் இல்லாமல் தனியாக ஆடும் ஆட்டங்கள் ரவுட்டரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவற்றுக்குக் கன்சோலின் சொந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்புதான் வழி. பிளேஸ்டேஷனில் பிள்ளைக்கென்று தனிக் கணக்கு உருவாக்கினால், எந்தக் கிழமையில் எந்த மணி வரை என்று வைக்கலாம். நேரம் முடிந்ததும் அறிவிப்பு மட்டும் வர வேண்டுமா, வெளியேற்றிவிட வேண்டுமா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். ரவுட்டர் கருவியைப் பார்க்கிறது என்றால் இது கணக்கைப் பார்க்கிறது. கணக்கை நம்பினால் என்ன நடக்கும் என்பதைத் தென்கொரியா ஒரு நாடு அளவில் பார்த்தது. 2011 நவம்பரில் அங்கே பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் ஆட்டங்களை மூடும் சட்டம் அமலுக்கு வந்தது. வயதைக் குடிமக்கள் பதிவு எண் சொன்னது. பிள்ளைகள் பெற்றோரின் எண்ணைக் கொடுத்து நுழைந்தார்கள். 2022 தொடக்கத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. நம் வீட்டுக் கன்சோலிலும் அப்பாவின் கணக்கு பூட்டில்லாமல் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு நான்கு இலக்கக் கடவு எண் போட்டுவிட வேண்டும். அந்த எண் அப்பா பிறந்த ஆண்டாக இருக்கக்கூடாது, பையன் முதலில் தட்டிப் பார்ப்பது அதைத்தான்.